தீபாவளிச் சரக்கு வரவில்லையா? மொத்த வியாபாரிக்கு இப்படி எழுதுங்கள்

ஆயுத பூஜை முடிந்து கடையைத் திறக்கிறீர்கள். தீபாவளிக்கு இரண்டரை வாரம்தான் இருக்கிறது, ஆகஸ்டிலேயே முன்பணம் கட்டிச் சொல்லிவைத்த சிறுவர் துணி மட்டும் வந்து சேரவில்லை, போன் போட்டால் "ரெண்டு நாளைல ஏத்திடறோமுங்க" என்று அதே பதில். ஜவுளிக் கடை ஆரம்பித்து முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் எல்லோருக்கும் இந்த நிலை ஒரு தடவையாவது வரும். அந்த நேரத்தில் சப்ளையருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதை எப்போது, எதைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன வரிகளில் எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் மன்னார்குடியில் சின்னதாக ஒரு ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். பின்னலாடை முழுக்கத் திருப்பூரிலிருந்துதான் வருகிறது. முதல் தடவை இப்படி மாட்டியபோது நான் கடிதமே எழுதவில்லை. தினமும் ராத்திரி கடை சாத்திவிட்டு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகக் கோபத்தைக் கொட்டினேன். சரக்கு தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தது. வந்ததே போதும் என்று கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொண்டேன், முக்கால்வாசி அலமாரியிலேயே நின்றுபோனது. பொங்கலுக்கு முன்னால் கணக்குப் பார்க்கும்போது ஏதாவது குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். "சரக்கை வாங்கிட்டீங்களேங்க, அப்பவே ஒண்ணும் சொல்லலையே" என்றார் அவர். அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு எங்கள் கடை வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் சட்டமும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது என்று தெரிந்தது.

1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55-வது பிரிவு இருக்கிறது. குறித்த தேதியில் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தாமதமாகச் செய்து, தேதி முக்கியம் என்று இருந்தும் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டால், பிறகு தாமதத்துக்காக நஷ்டஈடு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும் நேரத்திலேயே 'தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்கப் போகிறேன்' என்று அவருக்குத் தெரிவித்திருந்தால் மட்டும் கேட்கலாம். அதனால் கடிதம் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்னால் போயிருக்க வேண்டும். பண்டிகை முடியட்டும், நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது வெறும் புகார்க் கடிதமாகத்தான் நிற்கும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? நான் சென்ற 2025 தீபாவளிக்கு எழுதிய கடிதத்தையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஆர்டர் காகிதத்தை எடுங்கள்

ஆகஸ்ட் 18-ம் தேதி ஆர்டர் கொடுத்தேன். பையன்கள் செட் 300, பெண் பிள்ளைகளுக்கு லெக்கிங்ஸ் டாப் செட் 240, டி-ஷர்ட் 400 பீஸ். விலை முறையே 310, 325, 145 ரூபாய். கூட்டினால் 2,29,000, அதன்மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. முன்பணம் 80,000 ரூபாய் வங்கி வழியாகப் போட்டேன். சரக்கு செப்டம்பர் 25-க்குள் திருப்பூர் பார்சல் ஆபீஸில் புக்கிங் ஆக வேண்டும் என்பது பேச்சு.

இதில் எது எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முறையான ஆர்டர் படிவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய சைஸ் வாரிப் பட்டியல், அதற்கு அவர் போட்ட "ஓகே", பணம் போன வங்கிச் செய்தி மூன்றும் இருந்தால் கடிதம் எழுதலாம். அதில் முக்கியமாகத் தேட வேண்டியது 'தீபாவளி' என்ற சொல். இந்தச் சரக்கு தீபாவளி விற்பனைக்கு என்று ஆர்டர் கொடுக்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தால்தான், பண்டிகையைத் தவறவிட்டதால் வந்த நஷ்டத்துக்கு அவரைப் பொறுப்பாக்க முடியும். அதே சட்டத்தின் 73-வது பிரிவு அப்படித்தான் போகிறது: இரண்டு பேரும் ஒப்பந்தம் போடும்போது எதிர்பார்த்திருக்கக்கூடிய நஷ்டம்தான் கணக்கில் வரும். நான் ஆகஸ்டில் "தீபாவளிக்கு, 25-ந்தேதி தாண்டக் கூடாது" என்று ஒரு வரி அனுப்பியிருந்தேன். அந்த ஒரு வரிதான் பிறகு கடிதத்தின் இரண்டாம் பத்தி ஆனது. நீங்கள் அப்படி எழுதியிருக்கவில்லை என்றால் இந்த வருடம் கடிதத்தை நயமாக எழுதுங்கள், அடுத்த வருடம் ஆர்டரிலேயே அந்த வரியைப் போட்டுவிடுங்கள்.

சரக்கு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

"எப்ப வரும்?" என்று கேட்டால் தேதி கிடைக்காது, ஆறுதல்தான் கிடைக்கும். "துணி இப்ப எதுல இருக்கு?" என்று கேளுங்கள். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் பண்டலாக மாறுவதற்குள் நூல் நிட்டிங்குக்குப் போய் துணியாகி, சாயப்பட்டறைக்குப் போய், காம்பேக்டிங் ஆகி, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வரிசையாகப் பல கை மாற வேண்டும். பாதி வேலை வெளியே, ஜாப் ஒர்க்கில் நடக்கும். அயர்னில் இருக்கிறது என்றால் இரண்டு நாளில் கிளம்பும், நம்பலாம். தையலில் இருக்கிறது என்றால் எத்தனை பீஸ் முடிந்தது என்று அடுத்த கேள்வி கேளுங்கள், ஏனென்றால் தீபாவளி நெருங்கும்போது டைலர்கள் ஊருக்குக் கிளம்பத் தொடங்குவார்கள். துணி இன்னும் சாயத்தில் என்றால் அவர் சொல்லும் "ரெண்டு நாள்" நடக்காத காரியம். அதற்குப் பிறகுதான் கட்டிங்கே ஆரம்பிக்கும், ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எனக்குக் கிடைத்த விவரம் இப்படி இருந்தது. டி-ஷர்ட் 400-ம் பேக்கிங் முடிந்து குடோனில் கிடக்கிறது, பையன்கள் செட் செக்கிங்கில் இருக்கிறது, பெண் பிள்ளைகள் செட்டுக்கு இரண்டு கலர் துணி சாயப்பட்டறையிலிருந்து வரவில்லை. அந்த இரண்டு கலருக்காக மற்ற எல்லாச் சரக்கையும் நிறுத்தி வைத்திருந்தார், ஒரே பில்லாகப் போடலாம் என்று. இதைக் கேட்காமல் இருந்திருந்தால் 'மொத்தமும் வரவில்லை' என்று எழுதியிருப்பேன், அவரும் மொத்தமாக அனுப்பத்தான் பார்த்திருப்பார்.

"புக்கிங் போட்டாச்சுங்க" என்று சொன்னால் அதற்கும் ஒரு கேள்வி உண்டு. லாரி ரசீதை, அதாவது எல்.ஆர். காப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் எண், தேதி, எத்தனை பண்டல் என்பது இருக்கும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பில் என்றால் இ-வே பில்லும் போட வேண்டும். உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு இ-வே பில் தளத்தில் பதிவு செய்திருந்தால், உங்கள் பேருக்கு மற்றவர்கள் போட்ட பில்களை நீங்களே உள்ளே போய்ப் பார்க்கலாம். அதில் வண்டி எண் ஏறாமல் இருந்தால், சரக்கு அதிகபட்சம் பார்சல் ஆபீஸ் வரைக்கும்தான் போயிருக்கிறது, லாரி ஏறவில்லை. வண்டி எண் ஏறிவிட்டால், சாதாரண வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அந்த பில்லுக்கு ஆயுள். திருப்பூரிலிருந்து எங்கள் ஊர் அதைத் தாண்டும் தூரம், இரண்டு நாள் கிடைக்கும். அதற்குமேல் ஆனால் தாமதம் பார்சல் சர்வீஸில். அப்போது கடிதம் மொத்த வியாபாரிக்கு மட்டும் எழுதிப் பிரயோஜனம் இல்லை.

தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கடிதத்தில் 'சீக்கிரம் அனுப்பவும்' என்று எழுதவே கூடாது. சீக்கிரம் என்பது அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு தீபாவளியிலிருந்து பின்னால் வாருங்கள்.

2025-ல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு முன்னால் கடைக்குக் கூட்டம் வரும் ஞாயிறு இரண்டுதான், 12-ம் 19-ம். சிறுவர் துணிக்கு 12-ம் தேதி ஞாயிறுதான் பெரிய நாள், ஏனென்றால் குழந்தைகளுக்கு முதலில் எடுத்துவிட்டுத்தான் பெரியவர்கள் தங்களுக்கு எடுப்பார்கள். 19-ம் தேதி வருகிறவர்கள் சைஸ் கிடைத்தால் போதும் என்று வருவார்கள். ஆக, 10-ம் தேதி வெள்ளிக்கிழமை சரக்கு ராக்கில் ஏறியிருக்க வேண்டும். பிரித்து, எண்ணி, சைஸ் பிரித்து, ரேட் ஸ்டிக்கர் ஒட்ட எங்களுக்கு ஒன்றரை நாள். அப்படியானால் 8-ம் தேதி புதன் காலை பண்டல் கைக்கு வர வேண்டும். வழியில் ஒரு நாள், தவறினால் இரண்டு நாள். ஆக திங்கட்கிழமை, 6-ம் தேதி சாயங்காலத்துக்குள் திருப்பூரில் புக்கிங் ஆக வேண்டும்.

இது முதல் தேதி. இன்னொரு தேதியும் வேண்டும், 'இதற்குமேல் அனுப்பாதீர்கள்' என்ற தேதி. இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். இந்தத் தேதி இல்லாவிட்டால் தீபாவளிக்கு மறுநாள்கூட சரக்கு வரும், நீங்கள் ஆர்டர் கொடுத்ததுதானே என்பார். 19-ம் தேதி ஞாயிற்றுக்கு முன்னால் ராக்கில் ஏற முடியாத சரக்கு எனக்குத் தேவையில்லை. ஆனால் அவ்வளவு கடைசிவரை காத்திருந்தால் வேறு இடத்தில் வாங்கவும் எனக்கு நேரம் இருக்காது. அதனால் 10-ம் தேதியைக் கடைசிப் புக்கிங் தேதியாக வைத்தேன்.

என்ன கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

கோபத்தில் இருக்கும்போது எல்லாவற்றையும் கேட்கத் தோன்றும். நான் மூன்றைத்தான் கேட்டேன்: தயாராக இருப்பதைத் தனி பில்லில் உடனே அனுப்புவது, கடைசித் தேதியைத் தாண்டினால் அந்த அளவுக்கு ஆர்டர் ரத்து, ரத்தானதை நான் வெளியே அதிக விலைக்கு வாங்கினால் அந்த விலை வித்தியாசம்.

தனி பில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பில்லில் வரும் சரக்கு பிரிந்து பிரிந்து வந்தால், கடைசிப் பகுதி வந்து சேர்ந்த பிறகுதான் அந்த பில்லின் ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்க முடியும். ஒரு செட் பாக்கி நின்றால் மொத்தமும் நிற்கும்.

விலை வித்தியாசத்தைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 'எனக்கு ஒரு லட்சம் லாபம் போச்சு' என்று எழுதினால் அதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நிரூபிக்கவும் உங்களிடம் காகிதம் இருக்காது. திருச்சியிலோ மதுரையிலோ மாற்றுச் சரக்கு வாங்கிய பில் இருந்தால் அது கையில் இருக்கும் கணக்கு, அவரும் வாக்குவாதம் செய்ய முடியாது. இன்னொன்று, வழக்கு என்று போனால் நுகர்வோர் ஆணையம் நமக்கு உதவாது, மறுபடி விற்பதற்காக வாங்குகிறவரை அந்தச் சட்டம் நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை. சிவில் நீதிமன்றம்தான். இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு யாரும் அங்கே போய் நிற்க விரும்ப மாட்டார்கள். அதனால் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளும்படியான தொகையைக் கேட்பதுதான் நடக்கிற காரியம்.

கடிதம்

அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை காலை கடையின் லெட்டர்பேடில் எழுதியது இது. பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

> தேதி: 03.10.2025
>
> பெறுநர்: உரிமையாளர் அவர்கள், திருப்பூர்.
>
> பொருள்: 18.08.2025 ஆர்டர் – சிறுவர் ஆடைகள் – புக்கிங் தாமதம் – தீபாவளி விற்பனை தொடர்பாக.
>
> அன்புள்ள ஐயா, வணக்கம்.
>
> 18.08.2025 அன்று தங்களிடம் பையன்கள் செட் 300, பெண் பிள்ளைகள் செட் 240, டி-ஷர்ட் 400 ஆர்டர் கொடுத்து, அன்றே ரூ.80,000 முன்பணம் அனுப்பினோம். சரக்கு 25.09.2025-க்குள் புக்கிங் செய்து தருவதாக ஒத்துக்கொண்டீர்கள். இன்று வரை எந்தப் பண்டலும் வரவில்லை, எல்.ஆர். எண்ணும் வரவில்லை.
>
> இந்தச் சரக்கு தீபாவளி விற்பனைக்கு என்பதையும் தேதி தாண்டக் கூடாது என்பதையும் ஆர்டர் கொடுத்த அன்றே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தோம். அதன் நகலை இணைத்துள்ளோம்.
>
> 29.09.2025 அன்று போனில் பேசியபோது டி-ஷர்ட் பேக்கிங் முடிந்துவிட்டதாகவும், பையன்கள் செட் செக்கிங்கில் இருப்பதாகவும், பெண் பிள்ளைகள் செட்டுக்கு இரண்டு கலர் துணி சாயத்திலிருந்து வர வேண்டும் என்றும் சொன்னீர்கள். ஆகவே கீழ்க்கண்டபடி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> டி-ஷர்ட் 400, பையன்கள் செட் 300 ஆகியவற்றை மற்ற சரக்குக்காகக் காத்திராமல் தனி பில் போட்டு 06.10.2025 திங்கட்கிழமை மாலைக்குள் புக்கிங் செய்து எல்.ஆர். நகலை அனுப்பவும். பெண் பிள்ளைகள் செட்டில் தயாராகும் அளவை, தயாரான கலர்களில் மட்டும், 10.10.2025-க்குள் தனி பில்லில் புக்கிங் செய்யவும்.
>
> 10.10.2025-க்குப் பிறகு எந்தச் சரக்கையும் அனுப்ப வேண்டாம். அன்றைக்குள் புக்கிங் ஆகாத அளவுக்கு ஆர்டர் ரத்தானதாக எடுத்துக்கொள்கிறோம். அதற்குரிய முன்பணத்தை வந்த சரக்கின் பில்லில் கழித்துக்கொள்ளவும்.
>
> ரத்தாகும் அளவை நாங்கள் வெளியே வாங்க நேர்ந்தால் அதன் விலை வித்தியாசத்தைத் தங்கள் கணக்கில் கேட்போம். தாமதமாக வரும் சரக்கை நாங்கள் இறக்கிக்கொள்வது, தாமதத்தை ஏற்றுக்கொண்டதாகாது. அதற்கான நஷ்டஈட்டைக் கேட்கும் உரிமையை வைத்துக்கொண்டே இறக்கிக்கொள்கிறோம்.
>
> தங்களோடு பல வருடமாகச் சரக்கு எடுக்கிறோம், தங்கள் தரத்தில் எங்களுக்குக் குறையில்லை. இந்த வருட வியாபாரம் கெடாமல் இருக்கத் தாங்கள் நேரடியாகக் கவனிக்க வேண்டும். நாளை மதியத்துக்குள் பதில் தெரிவிக்கவும்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், கடை முத்திரை, ஜி.எஸ்.டி. எண்)

முதல் பத்தியில் எந்த வருத்தமும் இல்லை, தேதியும் எண்ணும் பணமும் மட்டும்தான். சண்டை வந்தால் மூன்றாவது ஆள் ஒருவர், ஏஜெண்டோ சங்கத்துக்காரரோ, இந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பார், அதில் ஒரு எண் தப்பாக இருந்தாலும் மற்றதை நம்ப மாட்டார். மூன்றாவது பத்தியில் அவர் போனில் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன். மறுக்க வேண்டுமென்றால் அவர் இப்போதே மறுக்க வேண்டும், மறுக்காவிட்டால் போன் பேச்சு எழுத்தாகிவிடும். 'ஏற்றுக்கொண்டதாகாது' என்ற வரிதான் நான் மேலே சொன்ன 55-வது பிரிவுக்காக எழுதியது. கடிதத்தில் வேறு எதைச் சுருக்கினாலும் அதைச் சுருக்காதீர்கள்.

கடைசிப் பத்தியைச் சிலர் பயந்து நீட்டி எழுதுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். எனக்கு அது வேண்டும். அவரும் சாயப்பட்டறைக்காரர் பின்னால் அலைந்துகொண்டிருக்கும் மனிதர்தான், அடுத்த பொங்கலுக்கும் அவரிடம்தான் பனியன் எடுக்க வேண்டும். தீபாவளி நேரத்தில் யாருக்கு முதலில் அனுப்புவது என்று குடோனில் நின்று முடிவு செய்பவர் அவர். திட்டியவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்தவருக்கும் கடைசியில் போகும். தேதி போட்டுத் தெளிவாகக் கேட்டவருடைய பண்டல்தான் முதலில் ஏறும், இதை நான் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

எப்படி அனுப்புவது

கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து பி.டி.எஃப்.பாக உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கும் பில்லில் போட்டிருக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். ஆர்டர் எடுத்துப் போன சேல்ஸ் பையனுக்கு மட்டும் அனுப்பினால் அது அவரோடு நின்றுவிடும். நடுவில் ஏஜெண்ட் இருந்தால் அவருக்கும் ஒரு நகல், கடிதத்தின் அடியில் அவர் பெயரை 'நகல்' என்று போட்டே அனுப்புங்கள். அதே நாள் ஸ்பீட் போஸ்டிலும் ஒன்று போட்டு ரசீதை ஆர்டர் காகிதத்தோடு குத்தி வையுங்கள். தபால் போய்ச் சேருவதற்குள் விஷயம் முடிந்துவிடும், அது ரசீதுக்காகத்தான்.

அனுப்பிய அரை மணி நேரத்தில் ஒரு போன் போடுங்கள். "அண்ணே, ஒரு லெட்டர் போட்டிருக்கேன், பாத்துருங்க" என்றால் போதும். போனில் அவர் வேறு தேதி சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள், அந்தத் தேதியை ஒரு வரியில் எழுதி வாட்ஸ்அப்பில் போடுங்கள். எனக்கு அன்று அவர் "பெண் புள்ளைங்க செட்டு 13-ந்தேதி கண்டிப்பா குடுத்தர்றனுங்க" என்றார். '13 எங்களுக்குச் சரிவராது, கடிதத்தில் உள்ள 10-தான்' என்று எழுதிப் போட்டேன். அதை எழுதாமல் "பாக்கலாம்ணே" என்று சொல்லியிருந்தால் கடைசித் தேதி 13 ஆகியிருக்கும்.

சரக்கு வந்து இறங்கும்போது

6-ம் தேதி ராத்திரி எல்.ஆர். படம் வந்தது. 8-ம் தேதி காலை டி-ஷர்ட்டும் பையன்கள் செட்டும் வந்தன. பெண் பிள்ளைகள் செட் 10-ம் தேதி புக்கிங் ஆகி 11-ம் தேதி சனிக்கிழமை மத்தியானம் வந்தது, 240-க்கு 150 மட்டும்.

பண்டிகை அவசரத்தில் பண்டலை எண்ணாமல் கையெழுத்துப் போடுவது வழக்கம், அதைச் செய்யாதீர்கள். பார்சல் ஆபீஸ் ரசீதில் கையெழுத்தின் பக்கத்திலேயே எத்தனை பண்டல், கிழிந்திருக்கிறதா, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுங்கள். பிரித்தவுடன் பில்லோடு சைஸ் வாரியாகச் சரிபாருங்கள், ஏனென்றால் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சைஸ் சரியாக இருக்காது. அவசரத்தில் கட்டும்போது நடுத்தர சைஸ் தீர்ந்துபோனால் சின்ன சைஸை அதிகமாகப் போட்டு நிரப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு வந்த 150-ல் 26, 28 சைஸ் மட்டும் குறைந்து, 18 சைஸ் கேட்டதைவிடக் கூடுதலாக இருந்தது. படம் எடுத்து அன்றைக்கே, '03.10.2025 கடிதத்தின்படி உரிமை வைத்துக்கொண்டு இறக்கியிருக்கிறோம், 150 வந்தது, சைஸ் வித்தியாசம் கீழே' என்று ஒரு செய்தி போட்டேன். இந்தச் செய்திக்கு மூன்று நிமிடம் ஆகும். கடிதத்தில் எழுதிய உரிமை வரியை இது அந்தச் சரக்கோடு சேர்த்து முடிச்சுப் போடுகிறது.

குறைந்த 90 செட்டை 11-ம் தேதி சாயங்காலமே ஆள் அனுப்பித் திருச்சியில் ஒரு மொத்தக் கடையில் எடுத்தேன், செட் 365 ரூபாய். எனக்குத் திருப்பூர் விலை 325, ஆக செட்டுக்கு 40 ரூபாய் கூடுதல், மொத்தம் 3,600 ரூபாய். சைஸ் பட்டியலில் 26-ம் 28-ம் சேர்த்தே வாங்கினேன், பில்லில் துணி வகையை எழுதச் சொல்லி வாங்கினேன். 'ரெடிமேட் 90' என்று மட்டும் இருந்தால் அது எந்தச் சரக்குக்கு மாற்று என்று காட்ட முடியாது. தரமும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும், 325 ரூபாய்ச் சரக்குக்குப் பதிலாக 600 ரூபாய்ச் சரக்கு வாங்கிவிட்டு வித்தியாசம் கேட்டால் நியாயம் இல்லை.

13-ம் தேதி திங்கட்கிழமை அவரே கூப்பிட்டார். பாக்கி 90-ம் அயர்ன் முடிந்துவிட்டது, சாயங்காலம் ஏற்றட்டுமா என்று கேட்டார். குரலில் களைப்பு தெரிந்தது, எனக்கும் மறுக்கச் சங்கடமாகத்தான் இருந்தது. வேண்டாம் அண்ணே, 10-க்கு மேல் வேண்டாம் என்று எழுதியிருந்தேனே, அதை வெளியே எடுத்துவிட்டேன் என்று சொல்லித் திருச்சி பில்லை அனுப்பினேன். சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றியிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பார்சல் ஆபீஸில் டெலிவரி எடுக்கக் கூடாது, அன்றைக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இ-வே பில் போட்டிருந்தால் 72 மணி நேரத்துக்குள் அந்தத் தளத்தில் உங்கள் பக்கத்திலிருந்து நிராகரித்துவிடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க, எழுதித்தானே குடுத்தீங்க" என்றார்.

கணக்கை தீபாவளிக்கு அப்புறம்தான் பேசினோம், அதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் நேரம் இல்லை. 90 செட்டுக்கான பணம் ரத்து, வித்தியாசம் 3,600-க்கு அவர் கிரெடிட் நோட் போட்டார், சைஸ் மாறி வந்த 18 நம்பர் செட்டுகளில் விற்காததை டிசம்பரில் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். பொங்கலுக்கான ஆர்டரை அந்தப் பேச்சிலேயே கொடுத்தேன். இந்தத் தடவை புக்கிங் தேதியையும், அதற்குமேல் அனுப்பக் கூடாத தேதியையும் ஆர்டர் காகிதத்திலேயே எழுதி, அவர் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.